பழி தண்ணீருக்கு, விலை வாடிக்கையாளருக்கா?

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் கலர் நிற்காது என்றொரு பேச்சு நம் சலூன்களில் வேரூன்றிவிட்டது. அதை ஒரு வாதமாகவே ஆக்கி, புதிதாகக் கடை போடும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித் தருகிறார் தொழிலில் மூத்த ஒருவர். அவர் சொல்வது மூன்று. ஒன்று, இங்கே குழாயில் வருவது கடின நீர். அதிலுள்ள சுண்ணம்தான் சாயத்தை அரிக்கிறது. இரண்டு, வடிகட்டி வைத்த ஷவர் தலையை மாட்டினால் தண்ணீர் மென்மையாகிவிடும். கலர் செய்த ஒவ்வொருவரும் வீட்டுக்கும் ஒன்று வாங்க வேண்டும். மூன்று, தண்ணீர் மெலிந்து வருவது பெரிய குற்றமில்லை. சூட்டைக் கூட்டி வைத்தால் சாயம் சீக்கிரம் அலசிப் போய்விடும்.

மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, கேடு. வாடிக்கையாளரின் தலையையும் பணத்தையும் சேர்த்துக் கெடுக்கிற அறிவுரை அது. பெரியவர் சொல்கிறார் என்பதற்காக இதை மறுக்காமல் விட முடியாது.

முதல் வாதத்துக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. கால்சியம் கார்பனேட் கணக்கில் ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர். 120ஐத் தாண்டினால் கடின நீர். 180க்கு மேல் மிகக் கடின நீர். இந்தக் கால்சியம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி, அதைக் கரைத்துக்கொண்டு வரும் நிலத்தடி நீரில்தான் அது மிகுதியாக இருக்கும். லண்டன் தண்ணீர் கடினமாக இருப்பதற்குக் காரணம் அதன் கீழே கிடக்கும் சுண்ணப் பாறை. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பல ஊர்களில் ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படிவு தடித்துப் போவதும் இதனால்தான்.

மலாக்காவின் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றிலிருந்தும் அணையிலிருந்தும் வருகிறது. 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததை இங்குள்ள வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜோகூரின் மூவார் ஆற்று நீரும் நமக்கு வருகிறது. மழைநீர் திரண்டு ஓடும் இந்த மேற்பரப்பு நீர் இயல்பில் மென்மையானது. சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்க்கிறார்களே என்று பெரியவர் கேட்கிறார். சேர்ப்பது உண்மை; அமிலத்தன்மையைச் சரிசெய்யத்தான் சேர்க்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்தால் கடினத்தன்மை ஏறத்தாழ 13 அல்லது 14 மில்லிகிராம்தான் கூடும். மென்னீரை அது கடின நீராக்கிவிடாது.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கடினத்தன்மை சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் என்று கணக்கு. மூன்று சொட்டுக்குள் நிறம் மாறினால் உங்கள் தண்ணீர் மென்னீர். ஏழு சொட்டைத் தாண்டினால் பெரியவர் சொன்னது உங்கள் கடைக்குப் பொருந்தும். அவர் கையில் காட்டும் பேனா போன்ற மின்கருவி கடினத்தன்மையை அளப்பதே இல்லை. கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து மின்கடத்தலால் ஊகிக்கும் கருவி அது. சாதாரணச் சமையல் உப்பைக் கரைத்தாலும் அதில் எண் எகிறும். அந்த எண்ணைக் காட்டி, பார்த்தீர்களா கடின நீர் என்று சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது.

உலோகமே முடியைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. கெடுக்கும். பிளீச் செய்த முடியில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் கூடிவிடுகின்றன. கால்சியமும் செம்பும் இரும்பும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய செம்பும் இரும்பும் பெராக்சைடோடு சேர்ந்தால் வேண்டாத வினை கிளம்பி, முடியின் புரதமே சேதமாகும். ஆனால் மலாக்காவில் நாம் அஞ்ச வேண்டியது சுண்ணத்தை விட இரும்பைத்தான். இந்த மண்ணைப் பாருங்கள்: ஆ ஃபாமோசா கோட்டை வாசலைக் கட்டிய செம்பாறை முழுக்க இரும்பு ஏறிய கல். தோட்டப்புறத்தில் கிணற்றையோ குழாய்க்கிணற்றையோ நம்பியிருக்கும் வீடுகளில் தண்ணீர் எடுத்தபோது தெளிவாக இருக்கும். வாளியில் ஓர் இரவு வைத்தால் அடியில் செம்மண் நிறத்தில் படியும். அது இரும்பு. நகரத்துக் குழாயிலும் தண்ணீர் நின்று மறுபடி வரும்போது முதலில் கலங்கி வருவது, பழைய குழாய்களுக்குள் படிந்து கிடந்த இரும்பும் மாங்கனீசும் அடித்துக்கொண்டு வருவதுதான். மலேசியக் குடிநீர்த் தரம் இரும்புக்கு விதித்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். கண்ணுக்கே மஞ்சளாகத் தெரியும் தண்ணீரைச் சாம்பல் நிறப் பொன்னிற முடியில் ஊற்றினால் அந்தச் சாம்பல் நிறம் நிற்குமா?

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி நம் ஊர்த் தண்ணீர் கடினமா என்பதல்ல. இந்த வாடிக்கையாளர் வீட்டில் எந்தத் தண்ணீரில் குளிக்கிறார் என்பதுதான். கிணற்று நீர் என்றாலோ, நீச்சல் குளத்துக்குப் போகிறவர் என்றாலோ, கலருக்கு முன் உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஷாம்பூ போட்டு, புட்டியில் எழுதியுள்ள நேரம் ஊறவிட்டு அலச வேண்டும். சந்தேகம் இருந்தால் பழைய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் 20 மில்லி 6 சதவீதப் பெராக்சைடும் 20 சொட்டு அம்மோனியாவும் கலந்து, வெட்டியெடுத்த சில முடிகளை அதில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். கிண்ணம் சூடானாலோ, குமிழி பொங்கினாலோ, கெட்ட வாடை வந்தாலோ, அந்தத் தலையில் அன்று சாயமும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். குழாய் நீரில் குளிக்கும் மற்றவர்கள் எல்லாருக்கும் உலோகத்தை இழுக்கும் ஷாம்பூவைத் திணித்து ஒவ்வொரு முறையும் கட்டணம் வாங்குவது நியாயமில்லை.

இரண்டாவது வாதம் வடிகட்டி. ஷவர் தலைக்குள் இருப்பது பெரும்பாலும் கரித்தூளோ செம்பு–துத்தநாகத் துகளோ. அவை குளோரினை ஓரளவு குறைக்கும். கடினத்தன்மையை எடுக்கா. கடினத்தன்மையை எடுக்க அயனி மாற்றும் பிசின் வேண்டும். அது நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். சரி, பிசின் உள்ள தலையே வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பிசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். கையளவு ஷவர் தலைக்குள் 100 மில்லி பிசின் இருந்தால் அது 5 கிராம் பிடிக்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கொண்ட உண்மையான கடின நீரில் அது 25 லிட்டரோடு முடிந்துவிடும். தோள் வரை நீளும் ஒரு தலையைச் சாயம் போக அலசவே அதைவிடக் கூட வேண்டும். முதல் வாடிக்கையாளரின் தலையிலேயே தீர்ந்துபோகும் ஒன்றை ஆறு மாதம் வரும் என்று சொல்லி விற்பதை வேறெப்படி அழைப்பது? அதை விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்றால் அவர் பாடம் நடத்தக் கூடாது. தெரிந்தே விற்கிறார் என்றால் அவரிடம் யாரும் பாடம் கேட்கக் கூடாது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று அந்த ஷவர் தலையால் வருகிறது. ஏற்கெனவே மெலிந்த தண்ணீர் அதன் துகளுக்குள் நுழைந்து இன்னும் மெலிந்து போகிறது. மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும் ஒரு லிட்டர் ஜாடி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய நஷ்டம்.

இப்போது மூன்றாவது வாதம். நம் ஊரில் கலர் கெடுவதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. நிரந்தரச் சாயம் காரத்தில் வேலை செய்கிறது. அம்மோனியாவோ அதன் மாற்றோ முடியின் மேற்செதிலை விரித்து, பெராக்சைடு உள்ளே நுழைந்து, நிறம் முடிக்குள் உருவாகிறது. நேரம் முடிந்ததும் மிச்சச் சாயத்தையும் காரத்தையும் முழுக்க வெளியேற்றி, முடியை மறுபடி மென்மையான அமிலத் தன்மைக்குக் கொண்டுவந்தால்தான் செதில் படியும், நிறம் உள்ளே தங்கும். வெளியேற்றுவது தண்ணீரின் வேலை. தண்ணீர் போதாவிட்டால் காரம் முடியிலேயே தங்கும். அடுத்தடுத்த குளியல்களில் நிறம் வழிந்துபோகும்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கடைவீட்டின் மேல்மாடியில் சலூன். கூரைக்கு அடியில் தொட்டி. தலை கழுவும் பேசின் இரண்டு, கிண்ணம் கழுவும் குழாய் ஒன்று. தொட்டி நீர் மட்டத்துக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் இரண்டரை மீட்டர் என்றால் அழுத்தம் கால் பார்தான், ஏனென்றால் பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார். ஒரே பேசின் ஓடும்போது லிட்டர் ஜாடி 8 வினாடியில் நிறைகிறது. அதாவது நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. மூன்று குழாயும் திறந்திருக்கின்றன. ஜாடி நிறைய 20 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர்.

தோள் வரை நீளும் முடியில் தண்ணீர் தெளிந்து ஓட 30 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஏழரை லிட்டர் வேகத்தில் அது நான்கு நிமிட வேலை. 3 லிட்டர் வேகத்தில் பத்து நிமிடம். வரிசையில் ஐந்து பேர் காத்திருக்கும்போது எந்தப் பிள்ளை பத்து நிமிடம் அலசும்? வழக்கமான நான்கு நிமிடத்தில் நிறுத்திவிடும். தலைக்குப் போனது 12 லிட்டர். தேவையில் பாதிகூட இல்லை.

சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நம் கடைகளில் இருக்கும் உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். முழுத் திறனில் ஓடும்போது தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 52ஐ நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுத்தால் எத்தனை டிகிரி ஏறும் என்பது வரும். ஏழரை லிட்டருக்கு 7 டிகிரி. 28 டிகிரியில் வரும் தண்ணீர் 35 ஆகும். தலைக்கு இதமான வெதுவெதுப்பு. 3 லிட்டருக்கு 17 டிகிரி. தண்ணீர் 45ஐத் தொடும். தலைத் தோலைச் சுட்டு, ஏற்கெனவே காரத்தில் ஊறி விரிந்த முடியை இன்னும் வீங்கச் செய்து, உள்ளே இப்போதுதான் உருவான நிறத்தை வெளியே இழுக்கும் சூடு அது. குமிழைத் திருப்பாமலேயே, தண்ணீர் மெலிந்ததால் மட்டும் இவ்வளவு ஏறுகிறது. இதற்கு மேல் சூட்டைக் கூட்டச் சொல்கிறார் பெரியவர்! தண்ணீர் இன்னும் மெலிந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் ஓட்ட விசை அதை அணைத்துவிடும். சூடும் குளிரும் மாறி மாறித் தலையில் விழும்.

குற்றம் எதில் என்பதை முடியே சொல்லும். அலசல் போதவில்லை என்றால் முதல் குளியலிலேயே துவாலையில் சாயம் ஏறும், தலை அரிக்கும், வேரிலிருந்து நுனி வரை நிறம் ஒரே மாதிரி வெளிறும். உலோகம் படிந்திருந்தால் பிளீச் செய்த பகுதியும் நுனியும் மட்டும் சொரசொரப்பாகி மங்கும். சாம்பல் நிறம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ திரும்பும். செம்பு என்றால் பச்சை தட்டும். மூன்று வாரத்தில் சிவப்பு போய்விட்டது என்று வரும் பெண்ணிடம், உங்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று சொல்வதற்கு முன், அவர் துவாலை என்ன நிறத்தில் இருந்தது என்று கேளுங்கள்.

இதைச் சரிசெய்ய வித்தை எதுவும் தேவையில்லை. குழாய் வேலைதான். தொட்டியிலிருந்து பேசினுக்கு 15 மில்லிமீட்டர் குழாய் போட்டிருந்தால் அதை 20 மில்லிமீட்டராக மாற்றுங்கள். அதே ஓட்டத்துக்குக் குழாய்க்குள் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். கிண்ணம் கழுவும் குழாய்க்குத் தனி இணைப்பு இழுத்தால் பேசினில் திடீர் மெலிவு இராது. ஷவர் துளைகளையும் உள்ளிருக்கும் வலையையும் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். இவ்வளவு செய்தும் நிமிடத்துக்கு 6 லிட்டர் வராவிட்டால் சிறு அழுத்த மோட்டார் வையுங்கள். தொட்டிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். தெருக்குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது பக்கத்துக் கடையின் தண்ணீரைப் பறிப்பது. குழாயின் விரிசல் வழியே அழுக்கையும் உள்ளே இழுக்கும். மோட்டார் வைத்ததும் ஹீட்டர் தாங்கும் அழுத்தத்தை அதன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மின்சுற்றுக்கு 10 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு நாள் முழுக்க நிற்கும் பிள்ளையின் உயிர் அதில் இருக்கிறது.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைக்கும் இடம் வேறு. மணலும் துருவும் பிடிக்கும் பெரிய வடிகட்டியைத் தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் வழியில் வையுங்கள். அங்கே தெருக்குழாயின் அழுத்தம் இருக்கும். இரவெல்லாம் மெதுவாகத் தொட்டி நிறைந்தாலும் பாதகமில்லை. பேசினில் ஓட்டம் குறையாது. தண்ணீர் நின்று மறுபடி வரும் அன்று தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வெளிக்குழாயைத் திறந்து, வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்துத் தெளிந்த பிறகே தொட்டிக்குள் விட வேண்டும். ஒரு மணி நேரக் கவனம். ஒரு மாதக் கலரைக் காப்பாற்றும்.

தண்ணீர்ப் பங்கீடு வரும் நாட்களுக்கும் வழி இருக்கிறது. கலர் தலை ஒன்றுக்கு 40 லிட்டர் மூடிய பீப்பாயில் இருப்பு வையுங்கள். அது இல்லாமல் சாயக் கிண்ணத்தைக் கையில் எடுக்காதீர்கள். அலசத் தொடங்கும்போது ஷவரைத் திறக்காமல், ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்து இரண்டு நிமிடம் பிசையுங்கள். சாயம் பாலாக இளகித் தோலை விட்டுக் கழலும். அகலச் சீப்பால் வழித்து எடுத்து, ஈரத் துவாலையால் ஒற்றுங்கள். தண்ணீர் படுவதற்கு முன்பே நிறையச் சாயம் போய்விடும். பிறகு தலையை நான்கு பாகமாகப் பிரித்து, வெதுவெதுப்பான நீரை ஜாடியால் ஊற்றுங்கள். உச்சியில் மட்டும் ஊற்றினால் கழுத்துக்கு மேலே உள்ள அடர்த்தியில் சாயம் ஒளிந்துகொள்ளும். வெள்ளைத் துவாலையின் ஓரத்தைப் பின்கழுத்தில் ஒற்றிப் பாருங்கள். அது வெளுத்து வரும்வரை அலசல் முடியவில்லை. கலர் முடிக்கான அமில ஷாம்பூவும் கண்டிஷனரும் அதற்குப் பிறகுதான். பிளீச்சும் அடர் சிவப்பும் நீலமும் அந்த நாட்களில் எடுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லி வேறு நாள் கொடுங்கள்.

கிணற்று நீர் மட்டுமே உள்ள தோட்ட வீட்டுக்காரருக்கும் ஷவர் தலை தீர்வாகாது. தண்ணீரை உயரத்திலிருந்து தொட்டிக்குள் தெளித்து விழவிட்டு, காற்றுப் பட்டு இரும்பு படிய நேரம் கொடுத்து, மணல் வடிகட்டியில் விட்டு எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். அதுவும் முடியாதவர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு லிட்டர் குழாய் நீரோ, இயந்திரத்தில் காசு போட்டு எடுக்கும் சுத்திகரித்த நீரோ வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லிக் கொடுப்பதற்குக் காசு வாங்கத் தேவையில்லை.

பெரியவரின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. கலர் நிற்கவில்லை என்று அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பொய். லண்டனுக்கு எழுதிய மருந்துச் சீட்டை ஆற்று நீர் குடிக்கும் ஊரில் கொடுக்கிறார். அதனால் கடைக்காரர் தன் குழாயைச் சரிசெய்யாமல் தப்பிக்கிறார். பல்கலைக்கழக மாணவியோ தோட்டத்துப் பெண்ணோ, சேர்த்து வைத்த பணத்தில் தலைக்கு நிறம் போட்டுக்கொண்டவர், பிழை செய்யாமலேயே இரண்டாம் முறையும் செலவழிக்கிறார். இது தொழிலுக்கு அவமானம்.

அவருக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த பயிற்சிக்கு வரும்போது வடிகட்டித் தலைகளை வீட்டில் வைத்துவிட்டு, லிட்டர் ஜாடி, கடிகாரம், வெப்பமானி, சொட்டு மருந்து ஆகிய நான்கையும் கொண்டுவரட்டும். பிள்ளைகள் முன்னால் எல்லாக் குழாயையும் திறந்து அளக்கட்டும். ஏழு சொட்டுக்கு மேல் போனால் என் வாதத்தை நான் கைவிடுகிறேன். ஜாடி நிறைய 10 வினாடிக்கு மேல் ஆனாலோ, தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினாலோ, குழாய்க்காரரை அழைக்கச் சொல்லித் தரட்டும். அது சரியாகும் வரை அந்தக் கடையில் யாரும் கலருக்குக் காசு வாங்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.